மூக்குத்தித் திருகாணியும் ஐந்து டைல் தூரமும்

எனக்கு வந்த முதல் வாய்ப்பு ஒரு மூக்குத்தித் திருகாணியால் போனது. இதைச் சொன்னால் இப்போது என்னிடம் கபடி பழக வரும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2018 ஆவணி மாதம். காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஆத்தங்குடிக்குப் பக்கத்தில். எங்கள் வட்டாரத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு கபடி டீம் வைத்திருந்தோம். மொத்தம் பன்னிரண்டு பேர். ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே. அந்த ஐந்தில் ஒருத்தி நான். இடது மூலையில் நின்று தடுக்கும் லெஃப்ட் கார்னருக்கு எக்ஸ்ட்ரா.

எக்ஸ்ட்ராக்களிலேயே அதிக நாள் காத்திருக்க வேண்டியவள் கார்னர் எக்ஸ்ட்ராதான். பாடிப் போகிற ரெய்டர்களுக்கு மூச்சு வாங்கும். நாலு முறை பிடிபட்டால் கோச்சே அடுத்த ஆளை அனுப்பிப் பார்ப்பார். கார்னர் அப்படியில்லை. அவளும் பக்கத்தில் நிற்கும் ‘இன்’ ஆட்டக்காரியும் கை கோத்து நிற்பவர்கள். ஒருத்தி எந்த நொடியில் கையை விடுவாள், எப்போது இழுப்பாள் என்பது மற்றவளுக்கு விரல் வழியாகத் தெரியும். அந்த ஜோடியைப் பிரிக்க எந்தக் கோச்சுக்கும் மனசு வராது. எங்கள் லெஃப்ட் கார்னர் அக்கா வேறு, காய்ச்சலோடும் ஆடுகிற ரகம். நல்ல மனுஷிதான், ஆனால் எனக்கு அது வசதியாக இல்லை.

அந்த ஆவணி ஆட்டத்தில் அவளுக்கு விரல் பிசகியது. கோச் டைம் அவுட் கேட்டார். அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு எல்லாம் அண்ணன். “வாத்தா, உள்ள போ” என்றார். எழுந்து ஓடினேன். நடுவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மூக்குத்தியோட விட முடியாதும்மா, கழட்டிட்டு வா” என்றார். விதி அதுதான்: நகை கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் கூடாது. ஆடுகிற ஏழு பேருக்கும் இது பழக்கம். வெளியே உட்காருகிறவளுக்குத்தான் ‘நம்மை எங்கே கூப்பிடப் போகிறார்கள்’ என்கிற மெத்தனம்.

டைம் அவுட் முப்பது விநாடி. என் மூக்குத்தி அப்பத்தா போட்டுவிட்ட பழைய எட்டுக்கல் பேசரி. திருகாணி அழுக்கேறி இறுகிப் போயிருந்தது. வியர்த்த விரலில் வழுக்கியது. பக்கத்தில் இருந்தவள் பாவாடை நுனியால் பிடித்துத் திருகிப் பார்த்தாள், மூக்கு சிவந்ததுதான் மிச்சம். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் ரைட் பக்கத்து எக்ஸ்ட்ராவை அனுப்பிவிட்டார். அவள் இடது பக்கம் நின்று தடுமாறி ஆடி முடித்தாள்.

அன்று இரவே விளக்கெண்ணெய் ஊற்றி ஊறவைத்து அதைக் கழற்றினேன். அப்பத்தாவுக்குக் கோபம். “மூக்கு தூர்ந்து போயிரும்டி, பொறகு ஆசாரிகிட்ட மறுபடி குத்தணும்” என்றது. வேப்பங்குச்சியைச் சீவி ராத்திரி மட்டும் ஓட்டையில் செருகிக்கொண்டு படுப்பது என்று சமாதானமானோம். வெளியே உட்காருகிறவள் ஆடப் போகிறவளைப் போலவே தயாராகி வரவேண்டும் என்று எல்லாரும் பொதுவாகச் சொல்வார்கள். அதில் காரியம் என்று பார்த்தால் மூக்குத்தி, நகவெட்டி, எண்ணெய் தடவாத கை, விரலில் முன்கூட்டியே சுற்றிய பிளாஸ்டர் என்று இந்த நாலு அற்ப விஷயங்கள்தான்.

அந்த ஆவணியில்தான் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. கபடியில் நம் பெண்கள் 2010, 2014 இரண்டு முறையும் தங்கம் வாங்கியவர்கள். இந்த முறை இறுதி ஆட்டத்தில் ஈரானிடம் 24-க்கு 27 என்று தோற்றார்கள். அண்ணன் வீட்டு டிவி முன்னால் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு அணியின் கார்னர்களையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடி வருகிறவளின் கையை அவர்கள் பார்க்கவே இல்லை. பார்வை முழங்காலுக்குக் கீழேதான்.

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். எக்ஸ்ட்ராக்கள் உட்காரும் பெஞ்சு பெரும்பாலும் எங்கள் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், அவுட்டானவர்கள் உட்காரும் கட்டத்துக்கு அருகில் இருக்கும். பாடி வருகிறவள் நேராக நம் முகத்தைப் பார்த்து வருவாள். காலைப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரணியில் யார் இடது மூலைக்கு வருகிறாள் என்று மட்டும் குறித்தேன். பெயர் தெரியாது, பனியன் நம்பர்தான். எந்தக் காலை முன்னால் வைத்து வருகிறாள், மூலையில் கையை நீட்டுகிறாளா காலை நீட்டுகிறாளா, நீட்டுவதற்கு முன்னால் என்ன செய்கிறாள் என்று மூன்று கேள்வி.

மூன்றாவது கேள்விதான் பலன் தந்தது. காலை நீட்டித் தொடப் பார்க்கிறவளுக்கு ஊன்றுகால் ஒன்று வேண்டும். பொய்யாக நீட்டும்போது அந்த ஊன்றுகாலின் குதிகால் தரையில் படாது. உடனே பின்னால் துள்ள வேண்டுமே. நிஜமாக நீட்டும்போது குதிகால் தரையில் பதிந்து, முட்டி மடங்கி, இடுப்பு பின்னால் சாயும். பதினைந்து இருபது ரெய்டர்களைக் குறித்தபின் எனக்குப் பட்டது இது. எல்லாருக்கும் பொருந்தாது. கையால் தொடுகிறவர்களிடம் இந்தக் கணக்கு செல்லவே செல்லாது.

பயிற்சியிலும் எக்ஸ்ட்ராக்களுக்கு ஒரு வேலை உண்டு. அடுத்து மோதப் போகும் அணியின் ரெய்டர்களைப் போல நாங்கள் பாடி வரவேண்டும். ஆடுகிற ஏழு பேர் எங்களைப் பிடித்துப் பழகுவார்கள். தினமும் நாற்பது ஐம்பது முறை கீழே விழுவோம். எங்கள் செம்மண்ணில் சரளை அதிகம், எத்தனை முறை சலித்துப் போட்டாலும் ஒரு கல் எங்கிருந்தோ வந்து முட்டியைப் பதம் பார்க்கும். முதலில் இதை வேலைக்காரி வேலையாக நினைத்து முனகினேன். நோட்டில் எழுதியதை என் காலாலேயே செய்து பார்க்கிறேன் என்பது கார்த்திகை வாக்கில்தான் உறைத்தது. பொய்க்காலையும் நிஜக்காலையும் நானே நீட்டிப் பார்த்ததில், நிஜக்காலை நீட்டிய பிறகு திரும்ப இழுக்க முடியாத ஒரு கண்ணிமை நேரம் இருப்பது தெரிந்தது. கார்னர் பாய வேண்டியது அப்போது.

நடுவில் நவம்பரில் கஜா புயல். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பேர் வீட்டில் கூரையும் தென்னையும் போய்விட்டன. இரண்டு வாரத்துக்கு மேல் பயிற்சி இல்லை. அப்புறம் அவர்கள் வந்தார்கள்.

பொங்கல் கழிந்தால்தான் எங்கள் பக்கம் உண்மையான சீசன். சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த கையோடு ஊருக்கு ஊர் பந்தல்கால் நட்டுக் கபடி ஆரம்பித்துவிடும். அந்தத் தையில், திருப்பத்தூர்ப் பக்கம் ஓர் ஊரில், எனக்கு இரண்டாவது வாய்ப்பு வந்தது. நாங்கள் பன்னிரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தோம். கடைசி ஐந்து நிமிடம். அண்ணன் டைம் அவுட் எடுத்து, அக்காவுக்கு ஓய்வு கொடுத்து, என்னை உள்ளே அனுப்பினார். மூக்கில் ஒன்றும் இல்லை. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. நடுவர் தலையாட்டினார்.

எதிரணிப் பெண் பாடி வந்தாள். என் பக்கம் திரும்பிக் கையை ஒரு வீசு வீசினாள். நான் பின்னால் ஒதுங்கினேன். விசில். அவள் என்னைத் தொடவே இல்லை, எங்கேயோ நின்றாள். கோட்டு நடுவர் என் காலைக் காட்டினார். குனிந்து பார்த்தால் குதிகாலில் சுண்ணாம்பு.

கபடி பார்த்தவர்களுக்கு இது தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்கள் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அந்த அகலத்தில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மீட்டர் லாபி. பாடி வருகிறவளுக்கும் தடுப்பவர்களுக்கும் உடம்பு பட்டுவிட்டால் லாபியும் களம். அதுவரை அது வெளியே. தொடுவதற்கு முன்னால் தடுப்பவள் கால் லாபியில் பட்டால் அவள் தானாக அவுட், எதிரணிக்கு ஒரு பாயிண்ட் இனாம். நான் உள்ளே போய்ப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகியிருக்கும்.

கட்டத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் அவுட்டாகி உட்கார்ந்திருந்தார்கள். போன வரிசையில்தான் திரும்ப வரமுடியும். எங்கள் அணி ஒருத்தியை உள்ளே எடுத்தது, இன்னொருத்தியை எடுத்தது, என் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஜெயித்த ஆட்டம் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. வேனில் வரும்போது எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதற்றத்தால் அப்படி ஆனது என்று நினைத்துத் தப்பித்திருக்கலாம். அண்ணன் விடவில்லை. மறுநாள் காலை என்னை மட்டும் நிறுத்தி, “பயந்தியா?” என்று கேட்டார். “இல்லண்ணே, அவ ரொம்பக் கிட்ட வந்துட்டா” என்றேன். “எங்கத்தா வந்தா? ரெண்டு கை தூரத்துல நின்னா” என்றார். அங்கேதான் விஷயம் இருந்தது. பெஞ்சிலிருந்து பார்க்கும்போது எந்தக் கால், எந்தப் பக்கம் எல்லாம் தெரியும். தூரம் மட்டும் தெரியாது. ஆறு மாதமாக நான் ரெய்டர்களைப் பார்த்தது ஆறு ஏழு மீட்டர் தள்ளி. திடீரென்று இரண்டு மீட்டரில் ஓர் ஆள் வந்து நின்றால் மலை மாதிரி தெரிகிறாள். கால் தேவைக்கு மேல் பின்வாங்குகிறது. பின்னால் கோடு எங்கே இருக்கிறது என்று குதிகாலுக்கும் தெரியாது, அது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பழகியதே இல்லை. பயிற்சியிலும் நான் பாடித்தானே வந்துகொண்டிருந்தேன்.

பயிற்சி நேரத்தில் இதைச் சரிசெய்ய இடமில்லை, லெஃப்ட் கார்னரில் அக்கா நிற்பாள். வீட்டில்தான் செய்தேன். அப்பா டைல் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஆத்தங்குடி டைல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடி மேல் வார்ப்பதால்தான் அந்த வழவழப்பு. வண்ணம் கலங்கியது, முனை உடைந்தது என்று பட்டறையில் கழித்துக் கட்டியவற்றைக் கொண்டுவந்து அப்பா எங்கள் கூடத்தில் பதித்திருந்தார். ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இருக்காது. ஆனால் எல்லாம் எட்டு அங்குலச் சதுரம்.

ஐந்து டைல் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். கூடத்துச் சுவரிலிருந்து ஐந்து டைல் லாபி என்று வைத்துக்கொண்டேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கும் இணைப்புக்கோடுதான் லாபிக் கோடு. எட்டாவது டைலில் நின்று, எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி இருப்பேன். தம்பி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் ரெய்டர். கையை வீசுவான், காலை நீட்டுவான், நான் ஒதுங்கி நிற்கவேண்டும், நின்ற பிறகுதான் குனிந்து பார்க்கவேண்டும். இருபது முறைக்கு ஐந்து ரூபாய் கேட்டான். மூன்று ரூபாய்க்குப் பேசி முடித்தேன்.

முதல் நாள் இருபதில் பதினொரு முறை குதிகால் கோட்டைத் தாண்டியிருந்தது. ஏன் என்று நாலைந்து நாள் கழித்துத்தான் பிடிபட்டது. பயந்து ஒதுங்கும்போது களத்துப் பக்கத்துக் காலைத் தூக்கி மற்றக் காலுக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன். கால் குறுக்கே போனதும் உடம்பு தானாக இன்னோர் எட்டு பின்னால் போகும், அதை நிறுத்த முடியாது. கோட்டுப் பக்கத்துக் காலைத்தான் முதலில் நகர்த்த வேண்டும், அதுவும் அரைப் பாதம். மற்றக் கால் அதைத் தொட்டும் தொடாமலும் பின்தொடர வேண்டும். இரண்டு கால்களும் எப்போதும் ஒன்றையொன்று தாண்டக்கூடாது. நண்டு நடப்பது மாதிரி. மாசி பிறக்கும்போது இருபதுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று வந்தது. தம்பி சலித்துப்போய்க் காசை உயர்த்தச் சொன்னான்.

ஆனால் மண்களத்தில் இன்னொரு சிக்கல். சுண்ணாம்புக் கோடு இடைவேளைக்குள் பாதி அழிந்துவிடும். அதனால் பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் செய்யும் முதல் வேலை, லாபிக் கோடு நீண்டுபோனால் எதில் முட்டும் என்று பார்த்து வைப்பது. ஒரு டியூப்லைட் கம்பம், ஸ்கோர் மேசையின் கால், பந்தலின் மூங்கில், எதுவோ ஒன்று. களத்தில் நிற்கும்போது கண்ணோரத்தில் அந்தக் கம்பம் தெரிந்தால் போதும், கீழே பார்க்க வேண்டாம்.

உடம்பைச் சூடாக வைப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும், இதில் நிறையப் பிள்ளைகள் தப்பு செய்கிறார்கள். ஆட்டம் முழுக்கப் பெஞ்சுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தால், கூப்பிடும்போது கால் ஓய்ந்திருக்கும். சும்மா உட்கார்ந்தால் மாசிப் பனியில் கணுக்கால் விறைத்துவிடும். ஆள் மாற்றுவது டைம் அவுட்டிலோ இடைவேளையிலோதான். ஒரு பாதி ஆட்டத்தில் ஓர் அணிக்கு இரண்டு டைம் அவுட். அதை எந்தக் கோச்சும் சும்மா எடுப்பதில்லை. களத்தில் நம் ஆட்கள் நாலு, மூன்று என்று குறையும்போதுதான் பெரும்பாலும் எடுப்பார்கள், மொத்தமாக அவுட்டாகி லோனா என்கிற கூடுதல் பாயிண்டைக் கொடுத்துவிடக் கூடாதே என்று. அதனால் நான் ஆளை எண்ணினேன். ஐந்து பேர் இருக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். நாலாகக் குறைந்ததும் எழுந்து, கணுக்காலைச் சுழற்றி, பத்துத் தோப்புக்கரணம், பக்கவாட்டில் நாலு நண்டு நடை. ஆள் ஏறியதும் மறுபடி உட்காருவேன். ஓர் ஆட்டத்துக்கு ஆறேழு முறை எழுந்திருக்க வரும். பார்க்கிற கூட்டத்துக்கு வேடிக்கையாக இருக்கும். “அந்தப் பிள்ளைக்கு எறும்பு கடிக்குது போல” என்று ஒரு பெரியவர் சொன்னது காதில் விழுந்தது.

சாப்பாடும் அப்படித்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டம் என்று நோட்டீஸில் இருக்கும், கூப்பிடும்போது மணி ஒன்று. கமிட்டிக்காரர்கள் பாசத்தோடு மட்டன் போட்டுச் சாப்பிடச் சொல்வார்கள். எங்கள் பக்கத்துக் குழம்பு, வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஆடுகிறவர்கள் தொடமாட்டார்கள், எக்ஸ்ட்ராக்கள் ஒரு கை பார்ப்பார்கள். நான் ஆறு மணிக்கு நாலு இட்லி, அப்புறம் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் என்று நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு சீசனில் நான் விட்ட மட்டன் குழம்பை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான்.

மாசிக் கடைசியில், தேவகோட்டைப் பக்கம் இரண்டு நாள் போட்டி. வெளியூர்ப் பெண்கள் அணிகளை ஒரு செட்டியார் வீட்டில் தங்க வைத்தார்கள். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ எங்கேயோ, காவல்காரர் மட்டும் இருந்தார். வளவில் பாய் விரித்துப் படுத்தோம். தரை முழுக்க எங்கள் ஊர் டைல். யாரும் பார்க்காத நேரத்தில் எட்டாவது கல்லில் நின்று நாலு முறை ஒதுங்கிப் பார்த்துக்கொண்டேன்.

அரையிறுதி மறுநாள் ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் ஆரம்பித்தது. எதிரணியில் 9-ம் நம்பர் பெண். நோட்டில் அவளுக்கு மட்டும் இரண்டு பக்கம். வலது காலை நீட்டி எங்கள் இடது மூலையைத் தொடுகிறவள். குறைந்தது இரண்டு பொய் நீட்டு, அப்புறம் ஒரு நிஜ நீட்டு. அவளைப் போலவே அந்த வாரம் முழுக்கப் பயிற்சியில் நான்தான் பாடி வந்திருந்தேன்.

இரண்டாம் பாதி முடிய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நாங்கள் 21, அவர்கள் 22. களத்தில் எங்கள் ஆட்கள் ஐந்து. 9-ம் நம்பர் வந்து வலது பக்கம் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு ஓடினாள். அந்த 22 அப்படி வந்ததுதான். அவளிடமிருந்து துள்ளி ஒதுங்கிய அக்காவுக்குக் கால் மடங்கியது. அவளைத் தொடவில்லை, அதனால் அவள் அவுட் இல்லை. ஆனால் ஊன்ற முடியவில்லை. ஆட்கள் ஐந்திலிருந்து மூன்றானபோதே நான் எழுந்துவிட்டிருந்தேன். அண்ணன் டைம் அவுட் கேட்டுவிட்டுத் திரும்பியபோது என் தோப்புக்கரணம் முடிந்திருந்தது.

அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “கேப்டன் வர்ற வரைக்கும் விடாத” என்றார், அவ்வளவுதான். அக்கா நொண்டிக்கொண்டே வந்து, “அவ பாதத்துல மண்ணு ஒட்டியிருக்கு, வழுக்கும், ரெண்டு கையாலயும் பிடி” என்றாள்.

முதலில் எங்கள் ரெய்டு. எங்கள் பெண் போய் நேரத்தை ஓட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தாள். இப்போது நாங்கள் மூன்று பேர்: வலது பக்கம் கேப்டன், நடுவில் எங்கள் ரெய்டர், இடது மூலையில் நான். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பாடி வருகிறவளைப் பிடித்தால் ஒரு பாயிண்டுக்குப் பதில் இரண்டு. ஆறு பேருக்குக் குறைவாக இருப்பதால் போனஸ் கோட்டைத் தாண்டினாலும் அவளுக்குப் பாயிண்ட் கிடையாது, தொடத்தான் வருவாள். தொட வேண்டியது யாரை என்பதும் தெரிந்ததுதான். புதிதாக வந்தவளைத்தான்.

டியூப்லைட் கம்பத்தைக் கண்ணோரத்தில் வைத்துக்கொண்டேன். கோட்டிலிருந்து என் பாதத்தால் இரண்டு அடி உள்ளே. 9-ம் நம்பர் நேராக என்னிடம் வந்தாள். முதல் நீட்டு. குதிகால் தரையில் இல்லை. அரைப் பாதம் ஒதுங்கினேன். இரண்டாவது நீட்டு, அதுவும் பொய். மூன்றாவதுக்கு அவள் குரல் மாறியது. “கபடி கபடி” கொஞ்சம் அமுங்கி ஒலித்தது. இடது குதிகால் மண்ணில் பதிந்து செம்மண் லேசாகப் பிதுங்கியதைப் பார்த்தேன். இடுப்பு பின்னால் போனது.

கார்னரில் கணுக்காலைப் பிடிப்பதில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் போகவேண்டும். ஒரு கை குதிகாலுக்குப் பின்னால், ஒரு கை பாதம் மடங்கும் இடத்துக்கு மேலே. பிடித்ததும் அந்தக் காலை நெஞ்சோடு அணைத்துவிட வேண்டும். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் ஓர் உதறலில் போய்விடும். தலை அவள் காலுக்கு வெளிப்பக்கம் இருக்கவேண்டும். உள்பக்கம் வைத்தால் மற்ற முட்டி தாடையில் வந்து இறங்கும், கார்த்திகையில் என் உதடு கிழிந்தது அப்படித்தான். இதெல்லாம் யோசித்துச் செய்ததில்லை. நான் பாய்ந்தேன், கால் கையில் இருந்தது, மண் வழுக்கியது. இடது கை நழுவி விரலளவுக்கு வந்துவிட்டது. அவள் ஒற்றைக் காலில் நடுக்கோட்டை நோக்கித் துள்ளினாள், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. ஒரு துள்ளல், இரண்டு துள்ளல். மூன்றாவதுக்குள் கேப்டன் வந்து தோளால் மோதினாள். மூன்று பேரும் விழுந்தோம். அவள் விரல்நுனிக்கும் நடுக்கோட்டுக்கும் ஒன்றரை முழம் இருந்தது.

23–22. அவுட்டான ஒருத்தி உள்ளே வந்தாள். மீதி ஐம்பது விநாடி சொச்சம். எங்கள் ரெய்டர் முப்பது விநாடியையும் தின்றுவிட்டு வந்தாள். அவர்களுடைய கடைசி ரெய்டுக்கு 9-ம் நம்பர் இல்லை, அவள் கட்டத்தில் இருந்தாள். வேறு பெண் வந்து என்னிடம் கையை வீசினாள். நண்டு நடை. கோட்டைத் தாண்டவில்லை. அவள் இன்னொரு முறை வீசினாள், நேரம் போய்விட்டது, திரும்பினாள். விசில்.

நான் ஆடியது மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள்தான். அக்கா ஒற்றைக் காலில் வந்து என் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

இறுதி ஆட்டம் விடிகாலை நாலு மணிக்கு. அதற்குள் அக்காவின் காலுக்கு ஐஸ் வைத்து, இறுக்கிக் கட்டு போட்டிருந்தார்கள். ஊன்றிப் பார்த்தாள், ஆடுவேன் என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் இறங்கினாள். எனக்கு ஆத்திரம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ‘இன்’ ஆட்டக்காரியோடு கை கோத்து நிற்கும் அந்த ஜோடியை ஓர் இறுதி ஆட்டத்தில் பிரித்திருந்தால் அதுவும் சரியாக இருந்திருக்காது என்று தோன்ற எனக்கு இரண்டு மூன்று வருடம் ஆனது. இப்போது கோச்சாக இருக்கும்போது, நான் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. அன்று ஆட்கள் நாலாகக் குறைந்தபோதெல்லாம் எழுந்தேன். ஐந்து முறை. கூப்பிடவில்லை. ஏழு பாயிண்டில் தோற்றோம்.

இரண்டாம் பரிசு 12,000 ரூபாய். வேன் வாடகை 2,400 போக மிச்சத்தை அண்ணன் வளவுத் திண்ணையில் வைத்துப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தார். ஆடினவர், ஆடாதவர் என்று பார்ப்பதில்லை. ஆளுக்கு 800.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா மூக்குத்தியை எடுத்துக்கொண்டு வந்தது. ஓட்டை தூரவில்லை, வேப்பங்குச்சி காப்பாற்றியிருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டு போய் ஆசாரியிடம் கொடுத்து, திருகாணியை எடுத்துவிட்டு அழுத்தினால் மாட்டிக்கொள்கிற பிரஸ் டைப்பாக மாற்றித் தரச் சொன்னேன். 350 ரூபாய் ஆனது. ஒரே இழுப்பில் வந்துவிடுகிறதா என்று கடையிலேயே நாலு முறை கழற்றிப் பார்த்தேன். ஆசாரி, “அடிக்கடி கழட்டினா தொலைஞ்சு போகும்மா” என்றார்.